கல் எந்தப் பக்கம் பிளக்கும்?

வடமேற்கு வேல்ஸில் பெத்தெஸ்தா என்ற சிற்றூரை ஒட்டிய மலைச்சரிவில் பென்ரின் சிலேட் குவாரி இருக்கிறது. கூரை வேயும் சிலேட் ஓடுகளுக்காக இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த மலையைப் படிப்படியாக வெட்டி வருகிறார்கள். யுனெஸ்கோ 2021இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த வடமேற்கு வேல்ஸ் சிலேட் நிலப்பரப்பில் இந்தக் குவாரிக்கும் இடமுண்டு.

அங்கே கல் பிளப்பவரின் கருவிகள் இரண்டுதான். ஒன்று அகன்ற, மெல்லிய உளி. மற்றொன்று மரக் கொட்டாப்புளி. தாழ்வாக உட்கார்ந்து, கல் கட்டியைத் தொடையில் சாய்த்துக்கொண்டு, அதன் விளிம்பில் உளியை வைத்து மெல்லத் தட்டுகிறார். ஒரு கோடு விழுகிறது. உளியை லேசாகத் திருப்பியதும் கட்டி இரண்டு பலகைகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு பலகையையும் மறுபடி இரண்டாக்குகிறார், அதையும் இரண்டாக்குகிறார். எப்போதும் சரிபாதியில்தான் உளியை வைப்பார். இரு பக்கமும் ஒரே தடிமனாக இருந்தால் இரண்டும் ஒரே அளவு வளையும், பிளவு நேராக ஓடும். ஒரு பக்கம் மெலிந்திருந்தால் பிளவு அந்தப் பக்கமாக ஒதுங்கி, ஓடு பாதியில் உடைந்துவிடும். குவாரியிலிருந்து வந்த கல்லைக் காயவிடாமல் ஈரத்தோடு வைத்திருப்பதும் இதற்காகத்தான். காய்ந்த கல் நன்றாகப் பிளக்காது. இப்படிச் சில மில்லிமீட்டர் தடிமன் வரைக்கும் பிளந்துகொண்டே போகலாம்.

கல் ஏன் இந்தத் திசையில் மட்டும் இவ்வளவு சுலபமாகப் பிளக்கிறது? பள்ளிப் புவியியல் படித்த யாருக்கும் சட்டென்று ஒரு பதில் தோன்றும். கடலடியில் சேறு அடுக்கடுக்காகப் படிந்தது, அது இறுகிக் கல்லானது, எனவே அந்த அடுக்குகள் வழியே பிளக்கிறது. கேட்பதற்குப் பொருத்தமாக இருந்தாலும் சிலேட்டுக்கு இந்தப் பதில் தவறு.

தவறு என்பதைக் குவாரிச் சுவரிலேயே பார்க்கலாம். நல்ல சிலேட்டில் ஊதா, சாம்பல், பச்சை என்று நிறப்பட்டைகள் ஓடும். ஒவ்வொரு பட்டையும் ஒரு காலத்தில் படிந்த ஒரு சேற்று அடுக்கு. பிளவு அந்தப் பட்டைகளோடு சேர்ந்து போகாமல் அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. பிளந்த ஓட்டின் முகத்திலேயே நிறக்கோடு குறுக்காகத் தெரியும். மலையில் இன்னும் பெரிய அளவில் பார்த்தால், நிறப்பட்டைகள் மேலேறியும் கீழிறங்கியும் மடிந்து கிடக்கும். பிளவுத்தளமோ அந்த மடிப்புகளைக் கண்டுகொள்ளாமல் ஒரே சாய்வில் ஊடுருவிச் செல்லும். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆடம் செட்ஜ்விக் 1835இல் இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னார். படிவு அடுக்கு வேறு, பிளவுத்தளம் வேறு, பாறையில் விழும் விரிசல் வேறு என்று மூன்றையும் அவர் பிரித்துக் காட்டினார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1831 கோடையில், தன்னோடு வட வேல்ஸ் மலைகளுக்கு ஓர் இளைஞரை அழைத்துப்போய்ப் பாறை பார்க்கப் பழக்கியவரும் இவரே. அந்த இளைஞர் சார்லஸ் டார்வின். பின்னாளில் தென் அமெரிக்கப் பாறைகளைப் பற்றி 1846இல் வெளியிட்ட நூலில், பிளவுகளும் கனிம அடுக்குகளும் நெடுந்தூரத்துக்கு ஒரே திசையில் ஓடுவதை டார்வின் விரிவாக எழுதினார். உயிரினங்கள் பற்றி அவர் எழுதியதன் வெளிச்சத்தில் இந்தப் பங்களிப்பு மறைந்துபோயிற்று.

பிளவுக்கும் படிவுக்கும் தொடர்பில்லை என்றால் அது எங்கிருந்து வந்தது? மின்சாரம், காந்தம், கனிமம் படிகமாகும் இயல்பு என்று அந்தக் காலத்தில் பல ஊகங்கள் உலவின. விடைக்கு வழி காட்டியவை கல்லிலேயே இருந்த பச்சைப் புள்ளிகள்.

பென்ரின் சிலேட் பெரும்பாலும் ஊதா நிறம். சேற்றில் இருந்த இரும்பு துருப்பிடித்த நிலையில் இருப்பதால் வந்த நிறம் அது. ஆங்காங்கே வெளிர்பச்சைப் புள்ளிகள் தெரியும். சேற்றில் கிடந்த சிறு துணுக்கு ஒன்றைச் சுற்றி வேதிமாற்றம் நடந்து, இரும்பு ஆக்சிஜனை இழந்து நிறம் மாறிய இடங்கள் அவை. மையத்திலிருந்து எல்லாப் பக்கமும் ஒரே அளவு பரவும் மாற்றம் உருண்டையாகத்தான் இருக்க வேண்டும். நெருக்கப்படாத செந்நிறக் களிப்பாறைகளில் இன்றும் இதே புள்ளிகள் உருண்டையாகவே இருக்கின்றன. வேல்ஸ் சிலேட்டில் அப்படி இல்லை. பிளந்த முகத்தில் பார்த்தால் அகன்ற முட்டை வடிவம். அதே கட்டியை விளிம்புப் பக்கம் அறுத்துப் பார்த்தால் ஒல்லியான கீற்று. சப்பாத்திக்கு உருட்டிய மாவைக் கையால் அமுக்கியது போல உருண்டை தட்டையாகியிருக்கிறது. தட்டையான எல்லாப் புள்ளிகளும் பிளவுத்தளத்தோடு ஒட்டியே படுத்திருக்கின்றன.

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்தைச் சேர்ந்த ஹென்றி கிளிஃப்டன் சார்பி இந்தப் புள்ளிகளை அளவுகோலாக்கினார். பாறையை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்கும் முறையை நிலைநாட்டியவரும் அவர்தான். மலையை நுண்ணோக்கியில் பார்ப்பதா என்று கேலி செய்தவர்களும் உண்டு. 1853இல் அவர் வெளியிட்ட கட்டுரை, சிலேட்டின் பிளவுக்குக் காரணம் நெருக்கம்தான் என்று வாதாடியது.

அந்த வாதத்தின் சாரத்தை ஒரு சின்னக் கணக்கில் காட்டிவிடலாம். ஒரு பச்சைப் புள்ளியின் நீளம் 25 மில்லிமீட்டர், அகலம் 16, பிளவுக்குக் குறுக்கான தடிமன் 5 என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 2,000. கொள்ளளவு மாறவில்லை என்று கொண்டால், பழைய உருண்டையின் விட்டம் இந்த 2,000இன் கனமூலம், அதாவது சுமார் 12.6 மில்லிமீட்டர். ஆக, 12.6ஆக இருந்தது பிளவுக்குக் குறுக்கே 5 ஆகிவிட்டது. 60 விழுக்காடு சுருக்கம். புள்ளிக்கு மட்டும் நேர்ந்தது அல்ல இது, அதைச் சுற்றியிருந்த பாறைக்கும் இதே கதிதான். பத்து கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவியிருந்த சேற்றுப்பாறை நான்கு கிலோமீட்டருக்குள் அடங்கியது என்று பொருள். வேல்ஸ் சிலேட்டுகளில் உண்மையாகவே அளந்தவர்களுக்கும் ஏறத்தாழ இந்த அளவுச் சுருக்கம்தான் கிடைத்திருக்கிறது.

இந்தக் கணக்கில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. 12.6 மில்லிமீட்டர் ஒரு திசையில் 16 ஆகியிருக்கிறது, மற்றொன்றில் 25. இரண்டு பக்கமும் விரிந்தாலும் ஒரு பக்கம் அதிகமாக இழுபட்டிருக்கிறது. குவாரித் தொழிலாளர்கள் இதைக் கணக்குப் போடாமலே தெரிந்துவைத்திருந்தார்கள். பெரிய கட்டியை ஓட்டு அளவுக்குத் துண்டாக்கும்போது, பிளவுக்குக் குறுக்கே எந்தத் திசையில் உடைத்தாலும் கல் ஒத்துழைக்காது. புள்ளி நீண்டிருக்கும் திசையையொட்டி உடைத்தால்தான் நேராக விடும். அந்தத் திசைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பில்லர்’. சுருக்கம் எந்தத் திசையில் என்பதைப் பிளவு சொல்கிறது என்றால், நீட்சி எந்தத் திசையில் என்பதைப் பில்லர் சொல்கிறது.

நெருக்கினால் கல் ஏன் தகடாகப் பிளக்க வேண்டும்? சார்பி இதைச் சோதித்தும் பார்த்தார். மென்மையான வெண்களிமண்ணில் இரும்பு ஆக்சைடின் தட்டைச் செதில்களைக் கலந்து அமுக்கினார். தாறுமாறாகக் கிடந்த செதில்கள், அமுக்கிய திசைக்குச் செங்குத்தாகப் படுத்துக்கொண்டன. 1856இல் ஜான் டிண்டால் வெறும் மெழுகை அமுக்கிக் குளிரவைத்து, அதுவும் தகடு தகடாகப் பிரிவதைக் காட்டினார். தட்டைத் துணுக்குகளே தேவையில்லை, நெருக்கம் ஒன்றே போதும் என்பது அவர் கட்சி. இருவரும் முரண்பட்டாலும், பிளவு நெருக்கத்துக்குச் செங்குத்தாக உண்டாகிறது என்பதில் ஒத்துப்போனார்கள்.

இன்றைக்கு நமக்குத் தெரிந்தவரை, கல்லுக்குள்ளே மூன்று வேலைகள் சேர்ந்து நடக்கின்றன. சேற்றில் ஏற்கெனவே இருக்கும் தட்டையான களிமண், மைக்காத் துகள்கள் நெருக்கத்தில் திரும்பிப் படுக்கின்றன. சார்பியின் செதில்களைப் போல. இது முதல் வேலை. இரண்டாவது, கரைவது. வெங்கச்சங்கல் என்று ஊரில் சொல்லும் குவார்ட்ஸின் மணிகளில், நெருக்கம் வாங்கும் முகம் துகள்களுக்கிடையே இருக்கும் நீரில் மெல்லக் கரைந்து, நெருக்கம் குறைந்த முனைகளில் போய்ப் படிகிறது. உருண்டையாக இருந்த மணி கன்னம் ஒட்டி, பக்கவாட்டில் நீள்கிறது. கரைந்த இடத்தில் கரையாத மைக்காவும் கருமையும் மெல்லிய படலமாக மிஞ்சுகின்றன. கல் பிளப்பது பெரும்பாலும் அந்தப் படலம் வழியாகத்தான். மூன்றாவது, புதிதாக வளர்வது. சிலேட் உருவாகும் 200, 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் களிமண் கனிமங்கள் மைக்காவாக மாறத் தொடங்குகின்றன. புதிய மைக்காத் தகடுகள் நெருக்கத்துக்குக் குறுக்காகவே வளர்ந்து பெருகுகின்றன. சிலேட்டில் இவை கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருப்பதால்தான் சிலேட்டுக்கு அந்த மங்கலான மினுமினுப்பு.

இதே பாறை இன்னும் ஆழத்துக்குப் போய் வெப்பம் 400, 500 டிகிரியைத் தாண்டினால், மைக்காத் தகடுகள் கண்ணால் எண்ணும் அளவுக்குப் பெரிதாகின்றன. பாறையைத் திருப்பிப் பிடித்தால் காக்காப்பொன் பளபளக்கும். இதுதான் சிஸ்ட். தகடுகள் பெரிதானதால் சிலேட்டின் ஒழுங்கான பிளவு போய்விடுகிறது. சிஸ்ட் அலை அலையாக, சொரசொரப்பாகப் பிரியும். கூரைக்கு ஆகாது. அதையும் தாண்டிய வெப்பத்தில் வெளிர்நிறக் கனிமங்களும் கருநிறக் கனிமங்களும் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்து நிற்கின்றன. அது நைஸ். தமிழ்நாட்டின் கிரானைட் கடைகளில் வரிவரியாகக் கோடு ஓடும் பலகைகளைக் காட்டுவார்களே, அவற்றில் பலவும் உண்மையில் நைஸ். சிலேட்டின் பிளவு, சிஸ்ட்டின் தகடு, நைஸின் பட்டை மூன்றுக்கும் சேர்த்துப் புவியியலாளர்கள் சொல்லும் பொதுப்பெயர் ஃபோலியேஷன்.

வெப்பம் மட்டும் இதைச் செய்யாது என்பதற்கு நல்ல சான்று ஹார்ன்ஃபெல்ஸ் என்ற பாறை. பூமிக்குள் எரிமலைக்குழம்பு புகுந்த இடத்தில், அதை ஒட்டிய களிப்பாறை வெந்து உருமாறியது அது. வெப்பம் ஏராளம், ஆனால் ஒரு பக்கத்து நெருக்கம் இல்லை. அதனால் அதன் மைக்கா எந்தத் திசையையும் பாராமல் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். சுத்தியால் அடித்தால் கண்ட பக்கம் உடையும். ஒரே வேதிப்பொருள்கள், ஒரே வெப்பம், திசையுள்ள நெருக்கம் மட்டும் இல்லை. வேறுபாடு முழுக்க அதில்தான்.

இந்தப் பதிவை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. மேலே போட்ட கணக்கில் கொள்ளளவு மாறவில்லை என்று வைத்துக்கொண்டோம். சேறு இறுகும்போது நீர் வெளியேறும், கரைந்த குவார்ட்ஸ் வேறெங்கோ போய்விடலாம். அப்படியானால் சுருக்கத்தின் ஒரு பகுதி நெருக்கத்தால் வந்த நீட்சியோடு சேர்ந்ததல்ல, வெறும் இழப்பு. நெருக்கம் தொடங்கும் முன்பே மேலிருந்த சேற்றின் பாரத்தால் புள்ளி கொஞ்சம் சப்பையாகியிருக்கவும் கூடும். அதனால் ஒரு புள்ளியை வைத்து முடிவு கட்டாமல், பல இடங்களில் பல புள்ளிகளை அளந்து ஒப்பிடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இரண்டு நிலத்தொகுதிகள் நேருக்கு நேர் மோதாமல், ஒன்றையொன்று உரசிக்கொண்டு எதிரெதிர் பக்கம் நகரும் மண்டலங்களில் தகடுகள் நெருக்கத்துக்குச் செங்குத்தாக நிலைத்து நிற்பதில்லை. தொடக்கத்தில் நகர்வுத் தளத்துக்கு 45 டிகிரிச் சாய்வில் உண்டாகின்றன. நகர்வு கூடக்கூடத் திரும்பித் திரும்பி, கடைசியில் நகர்வுத் தளத்தோடு ஏறக்குறைய ஒட்டிப் படுத்துவிடுகின்றன. நம் மாநிலத்தின் குறுக்கே மேற்கு–கிழக்காக ஓடும் பாலக்காடு–காவிரி மண்டலம் இந்த வகை. அங்கே நைஸின் பட்டை கிழக்கு–மேற்காக இருக்கிறது என்பதற்காக நெருக்கம் நேர் வடக்கு–தெற்கு என்று எழுதிவிட முடியாது. கடினமான கனிம மணிகளின் வால் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று பார்த்துத்தான் எந்தப் பாதி எந்தப் பக்கம் நகர்ந்தது என்று முடிவு செய்ய வேண்டும்.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பிறகும், மடிப்பு மலைகளில் களப்பணி செய்பவருக்குப் பிளவுத்தளத்தைப் போல் உதவும் பொருள் வேறு அதிகமில்லை. ஒரு சாலை வெட்டில் பாறை அடுக்கு சாய்ந்து கிடக்கிறது. அது நேராக இருக்கும் அடுக்கா, மடிந்து தலைகீழாகக் கவிழ்ந்த அடுக்கா என்று முழு மடிப்பும் கண்ணில் படாமல் எப்படிச் சொல்வது? பிளவும் படிவும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்போது, இரண்டின் சாய்வையும் அளக்கிறார்கள். படிவைவிடப் பிளவு செங்குத்தாக இருந்தால் அடுக்கு நேராக இருக்கிறது. பிளவைவிடப் படிவு செங்குத்தாக இருந்தால் கவிழ்ந்துவிட்டது. மடிப்பை உண்டாக்கிய நெருக்கமே பிளவையும் உண்டாக்கியதால், பிளவு மடிப்பின் நடுத்தளத்துக்கு இணையாக நிற்கிறது. அதனால் இந்த விதி செல்லுகிறது. பாறை இரண்டு முறை வெவ்வேறு திசையில் மடிக்கப்பட்டிருந்தால் செல்லாது.

இதையெல்லாம் பார்க்க வேல்ஸ் வரை போக வேண்டியதில்லை. ஆந்திரத்தின் கடப்பா வடிநிலமே போதும். அதன் மேற்குப் பகுதியில் பாறைகள் பெரிதாக நெருக்கப்படாமல் கிட்டத்தட்டப் படுக்கையாகவே கிடக்கின்றன. நம் வீடுகளில் அலமாரித் தட்டுக்கும் சமையல் மேடைக்கும் போடும் கடப்பாக் கல் அந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல். அது பலகையாகப் பிரிவது படிந்த அடுக்கின் வழியே. செட்ஜ்விக் பிரித்துக்காட்டிய முதல் வகை. கிழக்கே நல்லமலைப் பகுதிக்குப் போனால் கதை மாறுகிறது. அங்கே பாறைகள் நெருக்கப்பட்டு மடிந்திருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளின் எழுதுபலகைக்குப் பேர்போன மார்க்காபுரம் சிலேட் அங்கிருந்துதான் வந்தது. அது பிரிவது நெருக்கம் உண்டாக்கிய தளத்தின் வழியே.

நல்லமலை மடிப்புகள் வில்லாக வளைந்தாலும் மொத்தத்தில் வடக்கு–தெற்காக ஓடுகின்றன. எனவே நெருக்கம் ஏறத்தாழக் கிழக்கு–மேற்கு. ஆனால் தள்ளியது கிழக்கா மேற்கா என்று பிளவுத்தளம் மட்டும் சொல்லாது. இரண்டு பக்கமிருந்து எது தள்ளினாலும் தகடு ஒரே மாதிரிதான் படுக்கும். அதற்கு மடிப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். நல்லமலையில் மடிப்புகள் மேற்கு நோக்கிச் சாய்ந்திருக்கின்றன, கிழக்கிலிருந்த பாறைகள் மேற்கு நோக்கி ஏற்றப்பட்டிருக்கின்றன. இன்னும் கிழக்கே போனால் நெல்லூர் சிஸ்ட் பட்டை வரும். அதன் வயதும் வரலாறும் வேறு என்றாலும், பலகைச் சுண்ணாம்புக்கல், சிலேட், சிஸ்ட் மூன்றையும் ஒரே பயணத்தில் அடுத்தடுத்துப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு இவ்வளவு அருகில் இருக்கிறது.

அப்படிப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கழிவுக் குவியலில் கிடக்கும் அழகான துண்டைப் பொறுக்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். இடம் பெயர்ந்த கல்லில் பிளவு இருக்கும், திசை இருக்காது. குவாரிச் சுவரில் அசையாமல் நிற்கும் பாறையிடம் போங்கள். முதலில் நிறப்பட்டையைத் தேடுங்கள், பிறகு அதைக் குறுக்கே வெட்டும் பிளவைப் பாருங்கள். கையில் இருக்கும் போனின் திசைகாட்டியை அந்தப் பிளவின் ஓட்டத்தையொட்டிப் பிடித்து, வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குச் செங்குத்தான திசையில்தான் அந்தப் பாறை நெருக்கப்பட்டது.